விலை உயர்ந்த லென்ஸ் பெரிய ஃப்ரேமில் ஏன் தடிக்கிறது?

கேள்வி: எனக்கு வயது 27. இரண்டு கண்களுக்கும் மைனஸ் 8 பவர், சிலிண்டர் இல்லை. பி.டி. 60 என்று சீட்டில் எழுதியிருக்கிறார்கள். பழைய கண்ணாடி 46□18 ஃப்ரேமில் 1.60 லென்ஸ். இப்போது 54□18 அளவுள்ள அகலமான ஃப்ரேம் எடுத்து, ஓரம் தெரியக் கூடாது என்பதற்காகவே அதிகப் பணம் கொடுத்து 1.74 லென்ஸ் போட்டேன். வந்த கண்ணாடியின் வெளி ஓரம் பழையதைவிடத் தடிமனாக இருக்கிறது. "பவர் அதிகம், அப்படித்தான் இருக்கும்" என்கிறார்கள் கடையில். என் தோழிக்கும் மைனஸ் 8தான். இதே ஃப்ரேம், இதே லென்ஸ், ஆனால் அவளுடையது மெலிதாக இருக்கிறது. என்னை ஏமாற்றிவிட்டார்களா? பிளஸ் 6 பவர் உள்ள என் அம்மாவுக்குச் சிறிய ஃப்ரேம் எடுத்தால் லென்ஸ் மெலியுமா?

பதில்: நீங்கள் தந்திருக்கும் அளவுகளைக் கொண்டு கணக்கிட்டால், 1.74 லென்ஸையே போட்டிருந்தாலும் புதிய கண்ணாடியின் வெளி ஓரம் பழையதைவிடத் தடிமனாகத்தான் வரும். எனவே தடிமனை மட்டும் வைத்து லென்ஸை மாற்றிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஃப்ரேமைத் தேர்ந்தெடுக்கும்போதே யாராவது இதை உங்களுக்குக் கணக்கிட்டுக் காட்டியிருக்க வேண்டும் என்பது மட்டும் என் குறை. அந்தக் கணக்கு ஒரு துண்டுத் தாளில் அடங்கக்கூடியது.

மைனஸ் லென்ஸ், உள்பக்கம் குழிந்த கிண்ணம் போன்றது. அடியில் மெலிந்தும், அடியிலிருந்து விலக விலகத் தடித்தும் போகிறது. மிக மெலிந்த அந்த இடத்தை ஒளி மையம் என்கிறோம். ஒளி மையத்திலிருந்து 10 மி.மீ. தொலைவில் தடிமன் எவ்வளவு கூடுகிறதோ, 20 மி.மீ. தொலைவில் அதைப் போல இரு மடங்கு அன்று, ஏறத்தாழ நான்கு மடங்கு கூடும், 30 மி.மீ. தொலைவில் ஒன்பது மடங்கு கூடும். தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்துத் தடிமன் வளர்வதால், லென்ஸின் கடைசிச் சில மில்லிமீட்டர்கள்தான் பெருமளவு தடிமனைக் கொண்டுவருகின்றன. சிறிய ஃப்ரேமில் அந்தக் கடைசிப் பகுதியைத்தான் ஃபிட்டிங் மேசையில் வெட்டி எறிந்துவிடுகிறார்கள்.

கடையில் பயன்படும் எளிய சூத்திரம் இதுதான்: ஒளி மையத்திலிருந்து ஓரம் வரையுள்ள தூரத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, பவரால் மீண்டும் பெருக்கி, 2000 × (ஒளிவிலகல் எண் − 1) என்பதால் வகுக்க வேண்டும். 1.60 லென்ஸுக்கு அந்த வகு எண் 1200, 1.74 லென்ஸுக்கு 1480. கிடைக்கும் விடையுடன் மையத் தடிமனைக் கூட்டினால் ஓரத்தின் தடிமன் வந்துவிடும். மையத் தடிமன் நிறுவனத்துக்கு நிறுவனம் சற்று மாறும். ஒப்பிடுவதற்காக எல்லாவற்றிலும் 1.5 மி.மீ. என்றே வைத்துக்கொள்கிறேன். இது தோராயமான சூத்திரம். உண்மையான லென்ஸில், அதிலும் பெரிய ஃப்ரேமில், விடை அரை மி.மீ. அளவுக்கு முன்பின் போகலாம். ஒரு ஃப்ரேமை இன்னொன்றோடு ஒப்பிட அது தடையாகாது.

இந்தச் சூத்திரத்தில் ஃப்ரேமின் அளவு நேரடியாக வரவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒளி மையத்திலிருந்து ஓரம் வரையுள்ள தூரம்தான் வருகிறது. லென்ஸின் ஒளி மையம் உங்கள் கண்மணிக்கு நேராக அமைய வேண்டும்; அது ஃப்ரேமின் கண் வட்டத்துக்கு நடுவில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. பெரும்பாலான முகங்களில் அது நடுவில் இருப்பதும் இல்லை. ஃப்ரேமின் உள்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் 54□18 என்பதில் 54 ஒரு கண் வட்டத்தின் அகலம், 18 இரு வட்டங்களுக்கும் இடையே உள்ள மூக்குப் பாலத்தின் அகலம். இரண்டையும் கூட்டினால் வரும் 72 மி.மீ., ஒரு வட்டத்தின் நடுவிலிருந்து அடுத்த வட்டத்தின் நடு வரையுள்ள தூரம். உங்கள் பி.டி.யோ, அதாவது கண்மணிகளுக்கு இடையிலான தூரமோ 60 மி.மீ. ஆகவே ஒவ்வொரு கண்ணிலும் கண்மணி, வட்டத்தின் நடுவிலிருந்து 6 மி.மீ. மூக்குப் பக்கமாகத் தள்ளி நிற்கிறது. ஒளி மையத்தையும் அதே 6 மி.மீ. உள்ளே தள்ளித்தான் லென்ஸை வெட்ட முடியும்.

இனி தூரங்களைப் பார்ப்போம். வட்டத்தின் பாதி அகலம் 27 மி.மீ. மூக்குப் பக்க ஓரம் ஒளி மையத்திலிருந்து 27 − 6 = 21 மி.மீ. தொலைவில் இருக்கிறது; காதுப் பக்க ஓரம் 27 + 6 = 33 மி.மீ. தொலைவில் இருக்கிறது. 33 × 33 × 8 ÷ 1480 என்பது ஏறத்தாழ 5.9. மையத் தடிமனைச் சேர்த்தால் வெளி ஓரம் 7.4 மி.மீ. மூக்குப் பக்கம் 21 × 21 × 8 ÷ 1480 = 2.4, சேர்த்தால் 3.9 மி.மீ.தான். ஒரே லென்ஸின் ஒரு பக்கம் மற்றதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு தடிமனாக இருப்பதற்கு இதுவே காரணம்.

பழைய கண்ணாடியில் 46 + 18 = 64. கண்மணி 2 மி.மீ. மட்டுமே தள்ளி நின்றது. மூக்குப் பக்க ஓரம் 23 − 2 = 21 மி.மீ., காதுப் பக்க ஓரம் 23 + 2 = 25 மி.மீ. தொலைவில் இருந்தன. 25 × 25 × 8 ÷ 1200 = 4.2, மையத்தைச் சேர்த்தால் 5.7 மி.மீ. விலை குறைந்த 1.60 லென்ஸ் சிறிய ஃப்ரேமில் 5.7 மி.மீ.; விலை உயர்ந்த 1.74 லென்ஸ் பெரிய ஃப்ரேமில் 7.4 மி.மீ. இந்தப் பெரிய ஃப்ரேமில் 1.60 போட்டிருந்தால் 8.8 மி.மீ. வந்திருக்கும், ஆகவே நீங்கள் கொடுத்த கூடுதல் பணம் 1.4 மி.மீ. குறைத்தது உண்மை. ஆனால் ஃப்ரேமின் அளவு அதற்கு முன்பே 3 மி.மீ.க்கு மேல் கூட்டிவிட்டது.

இரண்டு ஃப்ரேம்களிலும் மூக்குப் பக்கத் தூரம் அதே 21 மி.மீ.யாக இருப்பது தற்செயல் அன்று. பாலம் இரண்டிலும் 18. அதன் பாதி 9. கண்மணி முகத்தின் நடுக்கோட்டிலிருந்து 30 மி.மீ. தொலைவில் இருக்கிறது. எனவே கண்மணியிலிருந்து மூக்குப் பக்க ஓரம் 30 − 9 = 21 மி.மீ. என்பது பாலம் மாறாதவரை மாறாது. கண் வட்டத்தை 46இலிருந்து 54க்குக் கூட்டியபோது கூடிய 8 மி.மீ. முழுவதும் காதுப் பக்கத்துக்கே போய்ச் சேர்ந்தது. பலர் அந்த 8 மி.மீ. இருபுறமும் நான்கு நான்காகப் பகிர்ந்துகொள்ளும் என்று நினைக்கிறார்கள்; கடையில் ஃப்ரேமை எடுத்துக் காட்டுபவர்களிலும் சிலர் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

உங்கள் தோழியின் கண்ணாடிக்கும் இதே விளக்கம் பொருந்தும். பவர், ஃப்ரேம், லென்ஸ் மூன்றும் ஒன்றாக இருந்தும் தடிமன் வேறுபட்டால், பெரும்பாலும் பி.டி.தான் வேறாக இருக்கும். அவருடைய பி.டி. 68 என்று வைத்துக்கொண்டால், கண்மணி நடுவிலிருந்து 2 மி.மீ. மட்டுமே தள்ளி நிற்கும். காதுப் பக்கத் தூரம் 29 மி.மீ. ஆகும், ஓரம் 6 மி.மீ. வரும். உங்களுடையதைவிட 1.4 மி.மீ. குறைவு. 1.60இலிருந்து 1.74க்கு மாறி நீங்கள் பெற்ற அதே அளவு மெலிவை, கண்கள் சற்று அகன்று அமைந்த காரணத்தாலேயே அவர் செலவில்லாமல் பெற்றிருக்கிறார்.

இதுவரை பக்கவாட்டை மட்டும் பேசினேன். லென்ஸின் வடிவமும் இதில் சேரும். சதுரமாகவோ, கீழே வெளிப்புறமாக இறங்கும் மூலையுடனோ உள்ள ஃப்ரேமில், கண்மணியிலிருந்து மிகத் தொலைவான இடம் காதுப் பக்கத்தின் நடு அன்று, அந்த மூலை. 33 மி.மீ. பக்கவாட்டிலும் 17 மி.மீ. கீழேயும் இருக்கும் ஒரு மூலை, ஒளி மையத்திலிருந்து ஏறத்தாழ 37 மி.மீ. தொலைவில் இருக்கிறது, அந்த இடத்தில் உங்கள் பவருக்கு 1.74 லென்ஸிலும் 8.9 மி.மீ. வரும். அதனால்தான் அதிக மைனஸ் பவர் உள்ளவர்களுக்கு வட்டமோ நீள்வட்டமோ நான் சொல்வது. மூலையே இல்லாத வடிவத்தில் இந்தச் சிக்கல் எழுவதில்லை.

இந்த மூலைக் கணக்கு இன்னொரு கேள்வியையும் கிளப்புகிறது. லென்ஸ் உங்களிடம் ஃப்ரேமின் வடிவில் வந்து சேர்ந்தாலும், தொடக்கத்தில் அது ஒரு வட்டத் தட்டு. தயார் நிலையில் கிடைக்கும் அதிக மைனஸ் லென்ஸ்கள் 65 அல்லது 70 மி.மீ. விட்டத்தில் வருவது வழக்கம். ஒளி மையம் தட்டின் நடுவில் இருக்கும். 65 மி.மீ. தட்டில் மையத்திலிருந்து ஓரம் வரை 32.5 மி.மீ.தான் உண்டு, உங்கள் ஃப்ரேம் கேட்பதோ குறைந்தது 33, மூலை இருந்தால் 37. தட்டு எட்டாதபோது முறையாகச் செய்ய வேண்டியது பெரிய விட்டத்தில் லென்ஸை வரவழைப்பது. அவசரத்தில் சில இடங்களில் நடப்பது, ஒளி மையத்தைக் கண்மணியிலிருந்து வெளிப்பக்கமாகச் சற்றே நகர்த்தி, இருக்கும் தட்டுக்குள் ஃப்ரேமை அடக்கிவிடுவது. இப்படிச் செய்தால் ஓரமும் சிறிது மெலியும் என்பதால் வாடிக்கையாளருக்கும் முதலில் திருப்தியாகவே இருக்கும்.

ஆனால் கண் இதற்குக் கணக்குக் கேட்கும். ஒளி மையத்தைவிட்டு விலகிய இடத்தின் வழியே பார்த்தால் லென்ஸ் ஒரு பிரிசத்தைப் போல ஒளியை வளைக்கும். எத்தனை பிரிசம் என்பது, விலகிய தூரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்துப் பவரால் பெருக்கினால் தெரிந்துவிடும். கண்ணுக்கு 2 மி.மீ. விலகினால் 0.2 × 8 = 1.6, இரு கண்களுக்கும் சேர்ந்து 3.2 பிரிசம். ஒளி மையத்தை நகர்த்தாமல் வட்டத்தின் நடுவிலேயே விட்டுவிட்டால் கண்ணுக்கு 6 மி.மீ. விலகி, இரண்டும் சேர்ந்து 9.6 பிரிசம் ஆகிவிடும். எழுத்துகள் தெளிவாகவே தெரிந்தாலும் நெற்றியில் இழுப்பு, மாலையில் தலைவலி, சில நேரம் இரட்டைக் காட்சி எனத் தொல்லை தொடங்கும். பவர் சரியாக இருப்பதால் மறுபரிசோதனையில் "எல்லாம் சரி" என்றே சொல்லி அனுப்பிவிடவும் கூடும்.

உங்கள் புதிய கண்ணாடியில் இது நேர்ந்திருக்கிறதா என்பதை வீட்டிலேயே ஓரளவு பார்த்துவிடலாம். கதவு நிலையின் செங்குத்துக் கோட்டுக்கு எதிரே நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கண்ணாடியைச் சாய்க்காமல் திருப்பாமல் கை தூரத்தில் பிடியுங்கள். லென்ஸுக்குள் தெரியும் கோடு, மேலும் கீழும் லென்ஸுக்கு வெளியே தெரியும் கோட்டோடு பொருந்தாமல் விலகி நிற்கும். கண்ணாடியைப் பக்கவாட்டில் மெல்ல நகர்த்துங்கள். உள்ளும் புறமும் ஒரே கோடாக இணையும் இடத்தில் லென்ஸின் மீது அழியக்கூடிய பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். மற்ற லென்ஸிலும் அப்படியே செய்து, இரு புள்ளிகளுக்கும் இடையே பக்கவாட்டுத் தூரத்தை அளவுகோலால் அளந்தால், 60க்கு அருகில் வர வேண்டும். கை அளவையில் ஒரு மி.மீ. பிசகுவது இயல்பு. 64 அல்லது 66 வந்தால், கடைக்கு எடுத்துச் சென்று லென்சோமீட்டரில் வைத்து மையப் புள்ளிகளைக் குறித்துக் காட்டும்படி கேளுங்கள். அது சில நிமிட வேலை. சீட்டில் உள்ள 60 என்பதே சரியா என்பதையும் அப்போது பியூபிலோமீட்டரில், கண்ணுக்குத் தனித்தனியாக அளந்துகொள்ளுங்கள். மூக்கு சரியாக நடுவில் இல்லாதவர்களுக்கு ஒரு கண் 29, மற்றது 31 என்று வரும். அப்போது ஒரு பக்க ஓரம் மற்றதைவிடத் தடிமனாக இருப்பது குறை ஆகாது.

அப்படியானால் ஃப்ரேம் எவ்வளவு சிறியதாக இருக்க வேண்டும்? ஃப்ரேமில் உள்ள இரு எண்களின் கூட்டுத்தொகை உங்கள் பி.டி.யைவிட 4 மி.மீ. வரை கூடினால் நல்லது, 6 மி.மீ. வரை ஏற்கலாம் என்பது நான் சொல்லும் வரம்பு. அதற்கும் கீழே போவதால் பெரிய பயன் இல்லை. 46ஐ 44 ஆக்கினால் காதுப் பக்க ஓரம் 1.60 லென்ஸில் 5.7இலிருந்து 5 மி.மீ. ஆகும், மூக்குப் பக்கமோ அதே 4.4 மி.மீ.யில் நிற்கும். கூட்டுத்தொகை பி.டி.யைவிடக் குறைந்துவிட்டால் கணக்கு தலைகீழாகும்: கண்மணி வட்டத்தின் நடுவைவிட்டு வெளிப்பக்கம் போய்விடும், தடிமன் மூக்குப் பக்கம் ஏறி மூக்குத் தாங்கிகள் இருக்கும் இடத்தில் இடிக்கும், கண்கள் இரண்டும் வெளியே பார்ப்பதுபோல் தோன்றும்.

"முகம் அகலம், சிறிய ஃப்ரேம் கன்னப்பொறியை அழுத்துகிறது" என்ற முறையீட்டைக் கடையில் அடிக்கடி கேட்கிறேன். பி.டி. குறைவாகவும் முகம் அகலமாகவும் இருப்பவர்களுக்கு இது உண்மையான சிக்கல்தான். முகத்தின் அகலத்தை லென்ஸால் நிரப்ப வேண்டியதில்லை, ஃப்ரேமின் பொருளால் நிரப்பலாம் என்பதே இதற்கு வழி. அசிடேட் ஃப்ரேம்களில் கண் வட்டத்தைச் சுற்றி உள்ள விளிம்பும், கீல் பொருந்தும் மூலைத் துண்டும் நன்கு அகலமாக இருக்கும். 46 அளவு வட்டம் உடைய தடித்த அசிடேட் ஃப்ரேம், மெல்லிய உலோகக் கம்பியாலான பெரிய வட்டத்துக்கு இணையாக முகத்தில் பரந்து அமையக்கூடும். லென்ஸின் ஓரத்தில் பெரும் பகுதி அந்த விளிம்புக்குள்ளேயே மறைந்தும் போகும். பாலத்தை அகலமாக்கி இதைச் சாதிக்கலாம் என்று எண்ண வேண்டாம்: வட்டத்தை மாற்றாமல் பாலத்தை 4 மி.மீ. கூட்டினால் காதுப் பக்க ஓரம் கண்மணியிலிருந்து 2 மி.மீ. விலகித்தான் போகும்.

ஃப்ரேமைச் சிறிதாக்கிவிட்ட பிறகு 1.74 தேவையா என்றால், அது பணத்தைப் பொறுத்தது. 46□18 ஃப்ரேமில் 1.60க்கு 5.7, 1.74க்கு 4.9, வித்தியாசம் 0.8 மி.மீ. அந்த 0.8 மி.மீ.க்காகப் பல மடங்கு விலை கொடுப்பதில் எனக்கு ஆர்வமில்லை. தவிர, ஓரத்தின் வழியே பார்க்கும்போது எழுத்துகளைச் சுற்றி நிறக்கோடு தெரிவது 1.60இல் குறைவு. பெரிய ஃப்ரேம்தான் வேண்டும் என்று நிற்பவருக்கு மட்டும் 1.74ஐத் தயங்காமல் சொல்வேன்.

உங்கள் அம்மாவின் பிளஸ் லென்ஸுக்குக் கதை வேறு. பிளஸ் லென்ஸ் நடுவில் தடித்து ஓரத்தில் மெலிவது. அதை வெட்டிச் சிறிதாக்கினால் போவது மெலிந்த ஓரம்தான். நடுத் தடிமன் அப்படியே இருக்கும். 65 மி.மீ. விட்டமுள்ள பிளஸ் 6, 1.60 லென்ஸில், ஓரத்தை 1 மி.மீ. என்று வைத்தால், நடுவில் ஏறத்தாழ 6.3 மி.மீ. இருக்கும். அதை அவருக்கான சிறிய ஃப்ரேமுக்கு வெட்டினாலும் நடுவில் 6.3தான். ஃப்ரேமின் வடிவத்தையும் பி.டி.யையும் லேபுக்கு அனுப்பி, அந்த அளவுக்கென்றே லென்ஸைக் கடைந்து தரச் சொன்னால், ஒளி மையத்திலிருந்து மிகத் தொலைவான ஓரம் 25 மி.மீ. என்ற கணக்கில் நடுத் தடிமன் 4.1 மி.மீ.க்கு இறங்கிவிடும். சில நாள் தாமதமும் சற்றுக் கூடுதல் விலையும் ஆகும். கண்ணாடி வந்ததும் ஓரத்தைப் பாருங்கள். முழு வளைய ஃப்ரேமில் பிளஸ் 6 லென்ஸின் ஓரம் எந்தப் பக்கம் பார்த்தாலும் 3, 4 மி.மீ. தடித்திருந்தால், அது பெரிய தயார்த் தட்டிலிருந்து வெட்டியது. சிறிய ஃப்ரேம் எடுத்ததன் பலன் அவருக்குக் கிடைக்கவில்லை என்று பொருள்.

கடைசியாக, நீங்கள் ஏற்கெனவே வாங்கிவிட்ட 1.74 லென்ஸ்கள் வீணாக வேண்டியதில்லை. மைனஸ் லென்ஸைச் சிறிய ஃப்ரேமுக்கு மறுபடியும் வெட்ட முடியும். ஒளி மையம் சரியான இடத்தில் இருக்கிறது என்று மேலே சொன்னபடி உறுதி செய்துகொண்ட பிறகு, 46□20 போன்ற ஒரு வட்ட ஃப்ரேமைத் தேர்ந்தெடுங்கள். பாலத்தை 20 என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: இப்போதைய லென்ஸில் மூக்குப் பக்கம் 21 மி.மீ. கண்ணாடிதான் மிச்சம் இருக்கிறது. பழைய விளிம்பை நீக்கிவிட்டுப் புதிதாகச் சீவ ஒரு மி.மீ.யாவது வேண்டும், பாலம் 20 என்றால் தேவை 20 மி.மீ. ஆகிவிடுகிறது. காதுப் பக்கம் 26 மி.மீ. போதும், அங்கே தாராளமாகவே இருக்கிறது. வெளி ஓரம் 7.4இலிருந்து ஏறத்தாழ 5.2 மி.மீ.க்கு வந்துவிடும். புதிய ஃப்ரேமின் உயரம் பழையதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். அதை அணிந்து பார்த்து, கண்மணி எந்த உயரத்தில் விழுகிறது என்று குறித்த பிறகே வெட்டச் சொல்லுங்கள். மறுபடி வெட்டும்போது கோட்டிங் ஓரத்தில் விரிசல் விடுவதோ லென்ஸ் சில்லுப் பெயர்வதோ எப்போதாவது நடக்கும் என்பதால் பல கடைகள் இதற்குப் பொறுப்பேற்பதில்லை. அதை முன்கூட்டியே பேசிக்கொண்டு, ஃபிட்டிங் இயந்திரம் சொந்தமாக வைத்திருக்கும் கடையில் கொடுங்கள்.